கிளெய்ம் மூடப்பட்டதா, மறுக்கப்பட்டதா, குறைக்கப்பட்டதா?

மருத்துவக் காப்பீட்டில் கிளெய்ம் போட்டவருக்குக் கெட்ட செய்தி மூன்று விதமாக வருகிறது. ‘கேட்ட ஆவணங்கள் வந்து சேராததால் உங்கள் கிளெய்ம் மூடப்படுகிறது’ என்று ஒரு குறுஞ்செய்தி வரலாம். ‘பாலிசியின் இன்ன விதியின்படி இந்தக் கிளெய்மை ஏற்க இயலாது’ என்று கடிதம் வரலாம். மூன்றாவது செய்தி சத்தமில்லாமல் வரும்: ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் பில்லுக்கு வங்கிக் கணக்கில் ஒரு லட்சத்து ஐயாயிரம் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் இரண்டையும் வீட்டில் ‘கிளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். மூன்றாவதை ‘ஏதோ இந்த மட்டும் வந்துச்சே’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் அடுத்து போக வேண்டிய வாசல் வேறு வேறு. ஒரு பேப்பர் கொடுத்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு ஒருவர் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போகிறார். அங்கே, ‘கம்பெனி இன்னும் முடிவே சொல்லவில்லையே’ என்கிறார்கள். இன்னொருவர் முறைப்படி எதிர்க்க வேண்டிய மறுப்புக் கடிதத்துக்குப் பதிலாக அதே பில்களை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறார், மாதங்கள் கழிகின்றன.

இந்தக் கட்டுரை, காசு கொடுத்து வாங்கிய மருத்துவ பாலிசிகளைப் பற்றியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களுக்குக் குறைதீர் வழி தனி.

வந்த கடிதம் எந்த வகை?

ரிஜெக்‌ஷன் என்று காப்பீட்டுத் துறையில் பொதுவாகச் சொல்வது, கிளெய்மின் உள்ளே போய்ப் பார்க்காமலே திருப்பி அனுப்புவதை. படிவத்தில் கையெழுத்து இல்லை, அசல் பில் இல்லை, மருத்துவமனையின் கேஸ் ஷீட் வரவில்லை, வங்கி விவரம் பொருந்தவில்லை என்பது மாதிரிக் காரணங்கள் இருக்கும். உங்களுக்குப் பணம் தர வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கே கம்பெனி இன்னும் வரவில்லை.

ரிபூடியேஷன் அப்படியல்ல. கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. பார்த்த பிறகு, ‘இந்தச் செலவுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று சொல்கிறது. சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள், இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் முடியவில்லை, இந்தச் சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டது என்று ஏதோ ஒரு விதியைக் காட்டும். இது முடிவு. இதை எதிர்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்ஷியல் செட்டில்மென்ட் என்கிற பகுதித் தொகை, பாதி ஏற்பும் பாதி மறுப்பும் சேர்ந்தது. வந்த பணம் ஏற்பு. வராத பணம் மறுப்பு. வராத அந்தப் பகுதியைப் பொறுத்தவரை உங்களுக்கு இருக்கும் உரிமைகள், முழுக் கிளெய்மும் மறுக்கப்பட்டவருக்கு இருக்கும் அதே உரிமைகள்தான். இது தெரியாமல்தான் பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

கம்பெனிகள் இந்தச் சொற்களைக் கறாராகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் சங்கடம். ‘ரிஜெக்டட்’ என்று தலைப்பு போட்டு, உள்ளே காத்திருப்புக் கால விதியைக் காட்டியிருப்பார்கள். அது உண்மையில் பொறுப்பு மறுப்பு. ஆகவே தலைப்பை விட்டுவிட்டுக் காரணத்தைப் படியுங்கள். இல்லாத ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசுகிறதா, பாலிசியின் ஒரு விதியைப் பற்றிப் பேசுகிறதா? காகிதம் என்றால் முதல் வகை, விதி என்றால் இரண்டாவது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேஜையில் ‘கேஷ்லெஸ் கிடைக்கலை சார்’ என்று சொன்னால், அது கிளெய்ம் மறுக்கப்பட்டதாக ஆகாது. இப்போது கட்டணத்தை நேரடியாக மருத்துவமனைக்குத் தர முடியாது என்றுதான் கம்பெனி சொல்லியிருக்கிறது. நீங்கள் பணம் கட்டிவிட்டு வந்து, ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்டுக் கிளெய்ம் போடலாம். கேஷ்லெஸ் கிடைக்காத அதே சிகிச்சைக்குப் பிறகு முழுப் பணமும் வருவதுண்டு. டிஸ்சார்ஜ் ஆன எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது பாலிசியில் இருக்கும். அதை மட்டும் தவறவிடக் கூடாது.

மூடிய கிளெய்மைத் திறப்பது

முதல் வகைக்கு மருந்து எளிது. என்ன காகிதம் குறைகிறதோ அதைக் கொடுத்து, ‘கிளெய்ம் எண் இன்னதை மறுபடி திறந்து பரிசீலிக்கவும்’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசுவது போதாது. கம்பெனிக்கும், கம்பெனி சார்பில் கிளெய்மைக் கையாளும் டிபிஏ இருந்தால் அதற்கும், ஒரே மின்னஞ்சலில் போக வேண்டும். அனுப்பிய பக்கங்களின் எண்ணிக்கையையும் அதில் குறித்துவிடுங்கள். ‘நீங்கள் அனுப்பியது கிடைக்கவில்லை’ என்ற பதில் பிறகு வராது.

கேட்கிற காகிதம் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் இருக்கும்: உள்நோயாளி கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, பொருத்திய கருவியின் ஸ்டிக்கர் ஒட்டிய பில். இவற்றுக்காக நோயாளியை அலைய விடக் கூடாது என்பது விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2024 மே 29-ல் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரில், கிளெய்முக்கு வேண்டிய ஆவணங்களைக் கம்பெனியும் டிபிஏவும் மருத்துவமனையிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சர்க்குலரைக் குறிப்பிட்டே பதில் எழுதலாம். ஆனாலும் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேஸ் ஷீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து ஒரு நகல் வாங்கிவைப்பதே நல்லது. அது எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

தாமதமாக அனுப்பியதால் மூடிவிட்டார்கள் என்றால், தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கேளுங்கள். உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நோயாளி படுக்கையில் இருந்தார், அசல் பில்லை மருத்துவமனை தாமதமாகத் தந்தது என்பவையெல்லாம் ஏற்கத் தக்க காரணங்கள்தான்.

ஒரு பேப்பர் கொடுத்தால் இன்னொன்று, அதையும் கொடுத்தால் மூன்றாவது என்று இழுத்துக்கொண்டே போனால், அப்போது அது காகிதப் பிரச்சினை அல்ல. ‘என் கிளெய்மை முடிவு செய்யுங்கள், மறுப்பதானால் விதியைக் காட்டி எழுத்தில் மறுங்கள்’ என்று கேட்டு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகாராக அனுப்புங்கள். முடிவு எழுத்தில் வந்தால்தான் அதை எதிர்க்க முடியும்.

மறுப்புக் கடிதம்: எதிர்க்கும் முன் படிக்க வேண்டியது

பொறுப்பு மறுப்பை ஒரு கிளார்க் முடிவு செய்ய முடியாது. 2024 சர்க்குலரின்படி, கம்பெனிக்குள் இருக்கும் மூன்று பேர் கொண்ட கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. மறுக்கும்போது பாலிசியின் எந்த விதி, எந்த நிபந்தனை என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். தொகையைக் குறைக்கும்போதும் அப்படியே. அதனால் உங்கள் முதல் கடிதத்தில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: குழுவின் ஒப்புதல் வாங்கப்பட்டதா, எந்த விதியின் கீழ், எந்த மருத்துவ ஆதாரத்தை வைத்து, நான் கையெழுத்திட்ட புரொப்போசல் படிவத்தின் நகல் எங்கே. விசாரணையாளர் வந்து போயிருந்தால் அவர் கொடுத்த அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடிதத்தில் உள்ள காரணம் கம்பெனியையும் கட்டுப்படுத்தும். 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு நுகர்வோர் நீதிமன்றத்தில் புதிதாக எழுப்ப முடியாது என்று சொன்னது. ஆகவே கடிதத்தில் ஒரே ஒரு காரணம் இருந்தால், அந்த ஒன்றை உடைத்தால் போதும். சொல்லாத குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி நீங்களே அவற்றை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அதிகம் வரும் காரணம், ‘ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்பது. இது பல சமயம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? நோயாளியை அட்மிட் செய்யும் இரவில், டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டை நிரப்பும் இரண்டு நிமிடத்தில்.

“சாருக்கு சுகர் எத்தனை வருஷமா இருக்கும்மா?”

“அது இருக்கும் டாக்டர், ஒரு பத்து வருஷமா.”

பதற்றத்தில் மனைவி உத்தேசமாகச் சொன்ன அந்தப் பத்து வருஷம் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது. சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டதோ மூன்று வருடத்துக்கு முன்பு. ஆனால் கேஸ் ஷீட்டைப் படிக்கிற கம்பெனி மருத்துவருக்கு, பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்ததாகத்தான் தெரியும்.

இதை உடைக்க வாதம் பயன்படாது, காகிதம்தான் பயன்படும். சர்க்கரை முதலில் கண்டுபிடிக்கப்பட்ட லேப் ரிப்போர்ட், முதன்முதலாக மாத்திரை எழுதிய சீட்டு, அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருந்ததைக் காட்டும் ரிப்போர்ட் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். சிகிச்சை தந்த மருத்துவரிடம், ‘கேஸ் ஷீட்டில் உள்ள கால அளவு உறவினர் வாய்மொழியாகச் சொன்னது, மருத்துவப் பதிவுகளின்படி நோய் கண்டறியப்பட்டது இன்ன தேதியில்’ என்று ஒரு சான்று வாங்குங்கள். கேஸ் ஷீட்டைத் திருத்தச் சொல்லவே கூடாது. திருத்தப்பட்ட கேஸ் ஷீட் வெளியே தெரிந்தால், மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டு மோசடி என்ற குற்றச்சாட்டாக மாறிவிடும். அதற்கப்புறம் மீள்வது கடினம்.

உண்மையிலேயே மறைத்திருந்தால் என்ன? சட்டம் அங்கே பாலிசிதாரர் பக்கம் நிற்பதில்லை. 2009-ல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், நாள்பட்ட சர்க்கரை நோயையும் சிறுநீரகப் பாதிப்பையும் சொல்லாமல் மருத்துவப் பாலிசி எடுத்தவரின் கிளெய்மைக் கம்பெனி மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறைத்த நோய்க்கும் நேர்ந்த பாதிப்புக்கும் சம்பந்தமே இல்லாதபோது நிலைமை வேறு. 2015-ல் எல்ஐசி சம்பந்தப்பட்ட சுலபா பிரகாஷ் மோதேகாவ்ங்கர் வழக்கில், முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் இருந்தவர் இதய நோயால் இறந்தார். அதைக் காட்டி ஆயுள் காப்பீட்டுத் தொகையை மறுத்தது தவறு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழங்கால் அறுவைக்குப் போட்ட கிளெய்மை, சொல்லாத தைராய்டைக் காட்டி மறுத்தால் எழுப்ப வேண்டிய வாதம் இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காலக் கணக்கு இருக்கிறது. இடைவெளி இல்லாமல் 60 மாதம் பிரீமியம் கட்டிவந்த மருத்துவப் பாலிசியில், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது எட்டு வருடமாக இருந்தது, 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். வேறு கம்பெனிக்குப் பாலிசியைப் போர்ட் செய்து மாற்றியிருந்தால் பழைய கம்பெனியில் கழிந்த காலமும் சேரும். காப்பீட்டுத் தொகையை நடுவில் மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியிருந்தால், உயர்த்திய ஏழு லட்சத்துக்கு உயர்த்திய நாளிலிருந்துதான் கணக்கு. பழைய பாலிசிப் பத்திரங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான்.

நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்கும் கம்பெனி, அதோடு நிறுத்தாமல் பாலிசியையே ரத்து செய்வதும் உண்டு. தனியாக ஒரு நோட்டீஸ் வரும். குடும்பம் முழுக் கவனத்தையும் கிளெய்ம் பணத்தின் மீது வைத்திருக்கும், ரத்து நோட்டீஸுக்குப் பதில் போயிருக்காது. அறுபது வயதுக்காரருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்க்கும்போது இரண்டையும் சேர்த்து எதிர்க்க வேண்டும்: கிளெய்மைத் தரவும் வேண்டும், பாலிசியைப் பழையபடி தொடரவும் வேண்டும் என்று ஒரே மனுவில் கேட்க வேண்டும்.

குறைந்து வந்த பணத்தின் கணக்கு

இப்போது மூன்றாவது வகைக்கு வருவோம். கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் ஒருவருக்குப் பித்தப்பைக் கல். துளையிட்டுச் செய்யும் அறுவை. பாலிசித் தொகை 5 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். அவர் எடுத்த அறை நாளுக்கு 8,000. நான்கு நாள் தங்கினார்.

பில் இப்படி: அறை வாடகை 32,000. அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு சேர்த்து 80,000. டாக்டர் விசிட் 8,000. மருந்தும் அறுவைக்கான உபயோகப் பொருள்களும் 30,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 18,000. கையுறை, ரெக்கார்ட் கட்டணம் என்று பாலிசியில் வராதவை 6,000. மொத்தம் 1,74,000.

கணக்கில் விழுந்தது 1,05,000. கம்பெனி என்ன செய்தது? பாலிசியில் வராத 6,000-ஐக் கழித்தது. மிச்சம் 1,68,000. எட்டாயிரம் ரூபாய் அறையில் ஐயாயிரத்துக்குத்தான் உரிமை, எனவே எட்டில் ஐந்து பங்கு என்று மொத்தப் பில்லையும் அந்த விகிதத்தில் வெட்டியது. 1,68,000-ல் எட்டில் ஐந்து பங்கு 1,05,000.

அறை வாடகை கூடினால் மற்ற செலவையும் விகிதப்படி குறைப்பது பாலிசியில் இருந்தால் செல்லும்தான். பெரிய அறை எடுப்பவருக்கு டாக்டர் கட்டணமும் கூடுதலாகப் போடும் மருத்துவமனைகள் உண்டு என்பதால் வந்த விதி அது. ஆனால் எதை வெட்டலாம் என்பதற்கு எல்லை போட்டிருக்கிறார்கள். 2020 ஜூனில் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிப்படி, மருந்து, உபயோகப் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது இந்த விகித வெட்டு விழக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் விழக் கூடாது. மாத்திரை விலை எந்த அறையில் படுத்தாலும் ஒன்றுதானே.

அந்த விதிப்படி மறுபடி போடுவோம். அறை வாடகை, உரிமையுள்ள 5,000 வீதம் 20,000. அறுவையும் விசிட்டும் சேர்ந்த 88,000-ஐ எட்டில் ஐந்தாக வெட்டினால் 55,000. மருந்து 30,000, பரிசோதனை 18,000 வெட்டில்லாமல். மொத்தம் 1,23,000. ஆக 18,000 ரூபாய் குறைவாக வந்திருக்கிறது.

இன்னும் ஒரு படி இருக்கிறது, கவனிப்பவர்கள் மிகச் சிலர். அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் இந்த விகித வெட்டையே போடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பொது வார்டில் படுத்தாலும் தனி அறையில் படுத்தாலும் அறுவைக் கட்டணம் அதே 80,000-தான், விசிட் கட்டணமும் அதேதான் என்றால், 88,000 முழுசாக வர வேண்டும். அப்போது கழிக்க வேண்டியவை இரண்டே: அறை வாடகையில் கூடுதலான 12,000, பாலிசியில் வராத 6,000. கிடைக்க வேண்டியது 1,56,000.

மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், ‘எங்கள் மருத்துவமனையில் அறுவைக் கட்டணமும் மருத்துவர் கட்டணமும் அறையின் வகையைப் பொறுத்து மாறுவதில்லை’ என்று இரண்டு வரி வாங்கிவிட்டால், இந்த உதாரணத்தில் அதன் மதிப்பு 33,000 ரூபாய். பில்லிங் பிரிவில் கேட்டால் தருவார்கள். கட்டண அட்டை இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வாங்குங்கள்.

இப்படிப் பார்ப்பதற்கு முதலில் கையில் வேண்டியது டிடக்‌ஷன் ஷீட். ஒவ்வொரு வரியிலும் கேட்டது எவ்வளவு, தந்தது எவ்வளவு, ஏன் குறைத்தோம் என்று இருக்கும் தாள் அது. தானாக வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதில் எல்லாமே சண்டைக்குரியவை அல்ல. பத்து அல்லது இருபது சதவீதம் நீங்களே ஏற்க வேண்டும் என்ற கோ-பே நிபந்தனையில் கையெழுத்திட்டிருந்தால் அது போனது போனதுதான். கண்புரைக்கு இவ்வளவுதான் என்று பாலிசியிலேயே உச்சவரம்பு எழுதியிருந்தால் அதுவும் அப்படியே.

ஆனால் ‘நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேல்’ என்று ஒரு வரி எழுதி இருபதாயிரத்தைக் கழித்திருந்தால், விடாதீர்கள். அதே வட்டாரத்தில் அதே சிகிச்சைக்கு நிலவும் கட்டணத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது. எந்த மருத்துவமனைகளோடு ஒப்பிட்டீர்கள், அங்கே கட்டணம் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கழிவு பல சமயம் திரும்பி வந்துவிடும்.

பணத்தை வாங்கிக்கொண்டதால் உரிமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ‘முழு மற்றும் இறுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், கூடுதல் தொகை கேட்டு நீதி அமைப்புகளிடம் போகும் உரிமையை அது தடுக்காது என்று ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் கையெழுத்திட்டுவிட்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தால் உங்கள் பேச்சு எடுபடாது. பணம் விழுந்த அந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

‘கிளெய்ம் எண் இன்னதில் ரூ.1,05,000 வரவு வந்தது. இதை எதிர்ப்புடன், பகுதித் தொகையாக மட்டுமே பெற்றுக்கொள்கிறேன். விகிதப் பிடித்தம் மருந்துக்கும் பரிசோதனைக்கும் போடப்பட்டுள்ளது. இது விதிக்கு முரண். மருத்துவமனையில் அறைக்கேற்பக் கட்டணம் மாறுவதில்லை என்ற சான்றை இணைத்துள்ளேன். மீதி ரூ.51,000-ஐத் தரவும்.’

புகாரின் படிகள்

மறுப்புக்கும் குறைப்புக்கும் இனி ஒரே பாதை. முதல் படி கம்பெனியின் குறைதீர் அதிகாரி. அவருடைய மின்னஞ்சல் பாலிசிப் பத்திரத்தில் இருக்கும். புகாருக்கு அவர்கள் இரண்டு வாரத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதே புகாரை ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும், bimabharosa.irdai.gov.in, பதிவு செய்யலாம். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் உங்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. கம்பெனி பதில் சொல்கிறதா என்று கண்காணிக்கும், உங்களுக்கு ஒரு புகார் எண் கிடைக்கும்.

இரண்டாவது படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில், அண்ணா சாலை தேனாம்பேட்டையில் இருக்கிறது. cioins.co.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அது மறுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவரிடம் போக வேண்டும். அவருடைய உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், பாலிசிதாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமாகத் தர வேண்டும்.

விசாரணை எளிமையாகத்தான் நடக்கும், நேரிலோ வீடியோ மூலமோ. உங்கள் தரப்பைச் சொல்லக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘வருஷா வருஷம் பிரீமியம் கட்டினேனே’ என்பதை அங்கே சொல்லிப் பயனில்லை, எல்லாரும் கட்டியவர்கள்தான். மறுப்புக் கடிதத்தில் உள்ள ஒரு காரணம், அதை உடைக்கும் ஒரு காகிதம், கேட்கும் தொகையின் கணக்கு என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குறைதீர்ப்பாளரிடம் தோற்றாலும் இங்கே வரலாம். நேராகவும் வரலாம். ஆனால் இங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோக முடியாது. மூன்றில் முதல் இரண்டு படிகளையும் முடித்துவிட்டு இங்கே வருவதே நல்லது என்பது என் கருத்து. செலவும் குறைவு, நாளும் குறைவு. மன உளைச்சலுக்கு இழப்பீடு வேண்டும் என்றால் மட்டும் அதற்கு இடம் நுகர்வோர் ஆணையம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கடிகாரம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து, அதாவது பெரும்பாலும் மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து, 2 வருடம். கம்பெனிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்த 2 வருடம் நீளாது. மூடப்பட்ட கிளெய்ம், மறுக்கப்பட்ட கிளெய்ம் என்ற வேறுபாடு கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்: உங்களுக்கு வந்தது எந்தக் கடிதம் என்று தெரிந்தால்தான், கடிகாரம் எந்தத் தேதியில் ஓடத் தொடங்கியது என்றும் தெரியும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பாலிசிதாரருக்கு வசதியான மாற்றங்கள் வந்திருக்கின்றன. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பது கட்டிய பிரீமியத்தை வைத்து முடிவாகிறது, கேட்கும் கிளெய்ம் தொகையை வைத்து அல்ல. அதனால் தனிநபர் மருத்துவப் பாலிசி வழக்குகள் அநேகமாக எல்லாமே மாவட்ட ஆணையத்துக்குள் அடங்கிவிடும். பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமும் இல்லை. மாவட்ட ஆணையம் பணம் தரச் சொல்லி உத்தரவிட்டு, கம்பெனி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போவதானால் 45 நாளுக்குள் போக வேண்டும். உத்தரவான தொகையில் பாதியை முதலில் டெபாசிட் செய்த பிறகே அந்த மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்படும்.